ஸ்கேன் செய்த பில்லைப் படிக்க மூன்று வழிகள்: தவறு எதில் வெளியே தெரியும்?

ஸ்கேன் செய்த இன்வாய்ஸிலிருந்து அட்டவணையை எடுத்து, கூட்டல் சரிதானா என்று தானாகவே சோதிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, டெசராக்ட் போன்ற ஓசிஆர் கருவியைக் கொண்டு எழுத்துகளை எடுத்து, அவை இருக்கும் இடத்தை வைத்து நாமே அட்டவணையாக அடுக்குவது. இரண்டு, பக்கத்தின் படத்தை அப்படியே விஷன் லாங்குவேஜ் மாடலிடம் கொடுத்து ஜேசனாக வாங்கிக்கொள்வது. மூன்று, இரண்டையும் சேர்த்து ஓட்டுவது.

எது அதிகம் சரியாகப் படிக்கிறது என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். பில் விஷயத்தில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: படித்தது தப்பாகும்போது, தப்பு என்று நமக்குத் தெரியவருமா? மூன்று வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம். அதற்கு ஒரு சின்ன பில்லை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் அச்சாகியிருப்பது இது:

| எண் | அளவு | விலை | தொகை |
|---|---|---|---|
| 1 | 12 | 48.50 | 592.00 |
| 2 | 7 | 136.00 | 952.00 |
| 3 | 2.5 | 219.90 | 549.75 |
| 4 | 30 | 16.35 | 490.50 |

கூட்டுத்தொகை 2,584.25. தள்ளுபடி 5% போக 2,455.04. வரி 10% சேர்த்து 2,700.54.

இதில் பில் போட்டவரே செய்த பிழை ஒன்று இருக்கிறது. 12 × 48.50 என்பது 582.00, பில்லிலோ 592.00 என்று இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கூட்டல், தள்ளுபடி, வரி எல்லாம் அந்தத் தவறான தொகையின் மேல் சரியாகவே கணக்கிடப்பட்டிருக்கின்றன. சோதனை வைப்பதே இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்கத்தான்.

ஓசிஆர் மட்டும்

`tesseract page.png out --psm 6 tsv` என்று ஓட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `top`, `width`, `height`, `conf` ஆகியவை கிடைக்கும். 300 டிபிஐ ஸ்கேனில், சாய்வை நிமிர்த்திவிட்டால், அச்சு எண்களை இது நன்றாகவே படிக்கும். இதன் பெரிய பலம், இதற்குப் பெருக்கல் தெரியாது. 592.00 என்று இருந்தால், கணக்கு இடிக்கிறதே என்று யோசிக்காமல் 592.00 என்றே எழுதும். தவறினாலும் அது பெரும்பாலும் அப்பட்டமாகத் தெரியும். புள்ளியை விட்டுவிட்டு 490.50-ஐ 49050 ஆக்கும். கோடு மேலே பட்டால் 1-க்குப் பதில் செங்குத்துக்கோட்டைப் போடும்.

அடுக்குவதில்தான் இது சிரமப்படும். பொருளின் விவரம் இரண்டு மூன்று வரிகளுக்கு மடங்கி ஓடினாலோ, ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ, எந்த எண் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்பதற்கு நாம் விதி எழுத வேண்டும். ஒரே நிறுவனத்தின் பில் மாதா மாதம் ஒரே வடிவில் வரும் இடத்தில் இந்த உழைப்பு வீண்போகாது. நூறு நிறுவனங்களிடமிருந்து நூறு வடிவில் வந்தால் விதிகள் எழுதி மாளாது.

விஷன் மாடல் மட்டும்

மடங்கிய விவரம், கோடே இல்லாத அட்டவணை, மேலே குத்திய முத்திரை, இவற்றையெல்லாம் விஷன் மாடல் எளிதாகக் கையாள்கிறது. புதிய வடிவில் ஒரு பில் வந்தாலும் விதி எழுத வேண்டியதில்லை. ஆனால் இதன் தவறுகள் சத்தமே போடாதவை. மாடல் தரும் விடை எப்போதும் ஒரு பில்லில் இருக்கக்கூடிய எண்ணாகவே இருக்கும்.

முதல் காரணம் படத்தின் அளவு. 300 டிபிஐயில் ஏ4 பக்கம் 2480 × 3508 பிக்சல். பல மாடல்கள் பெரிய படத்தைத் தமக்குள் சுருக்கிக்கொண்டுதான் பார்க்கின்றன. நீள்பக்கம் 1500 பிக்சல் அளவுக்குச் சுருங்கினால், 8 பாயிண்ட் எழுத்தில் 23 பிக்சல் உயரம் இருந்த ஓர் இலக்கம் 10 பிக்சலாகிவிடும். அந்த அளவில் 6-உம் 8-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தசமப் புள்ளி ஓரிரண்டு பிக்சல். ஆகவே பக்கத்தை அப்படியே அனுப்பாமல், அட்டவணையைக் குறுக்கே மூன்று நான்கு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் தலையிலும் பத்தித் தலைப்பு வரிசையை ஒட்டி அனுப்புங்கள். அடுத்தடுத்த பட்டைகளில் ஒரு வரிசையாவது பொதுவாக இருக்கட்டும். சேர்க்கும்போது வரிசை விடுபட்டதா, இரண்டு முறை வந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆபத்தானது. மாடலுக்குப் பெருக்கல் தெரியும். 12, 48.50 என்று படித்த பிறகு, அடுத்து வர வேண்டியது 582.00 என்ற எதிர்பார்ப்பு அதற்குள் உருவாகிறது. காகிதத்தில் எழுத்து மங்கலாக இருந்தால் அந்த எதிர்பார்ப்பே ஜெயித்துவிடலாம். அப்படி 582.00 என்று வந்துவிட்டால் நம் வரிசைச் சோதனை பச்சை விளக்கு காட்டும். பில்லில் இருந்த பிழை மாடலின் கையிலேயே மறைந்துபோகும். கூட்டுத்தொகையில் மட்டும் 10.00 உதைக்கும், அதைப் பார்ப்பவர் மாடல் எங்கோ தவறிவிட்டது என்று நினைப்பாரே தவிர, பில்லைச் சந்தேகிக்க மாட்டார்.

இதைக் குறைக்க, கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். எண்களை எண்களாக வாங்காமல், அச்சில் உள்ள எழுத்துகளாகவே, காற்புள்ளியோடும் மைனஸ் குறியோடும் வாங்குங்கள். கூட்டவோ பெருக்கவோ திருத்தவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரியாத கட்டத்துக்கு `null` அனுமதியுங்கள். எல்லாக் கட்டமும் கட்டாயம் என்று வடிவத்தை வரையறுத்தால், இல்லாததையும் மாடல் இட்டு நிரப்பிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கணக்கு உதைத்ததும் ‘கூட்டல் பொருந்தவில்லை, மறுபடி படி’ என்று மாடலிடம் திருப்பி அனுப்பாதீர்கள். பொருந்தும் எண்ணை அது கொண்டுவந்து வைத்துவிடும். மறுபடி படிக்க வேண்டுமானால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, இதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து எண்களையே காட்டாதபோது எதிர்பார்க்க அதனிடம் எதுவும் இருக்காது.

இரண்டும் சேர்ந்து

இதில் இரண்டு முறைகள் உண்டு. பலர் தவறானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓசிஆர் எடுத்த எழுத்துகளை மாடலுக்கான குறிப்பிலேயே சேர்த்து, படத்தோடு அனுப்புவது ஒன்று. இதில் அடுக்குவது அழகாக வரும். ஆனால் ஓசிஆர் செய்த தவறை மாடலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டு சாட்சிகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட மாதிரி. ஒரே மாடலை இரண்டு முறை ஓட்டி ஒப்பிடுவதிலும் இதே குறைதான். மங்கலான 6 இரண்டு முறையும் 8 ஆகவே வரக்கூடும்.

மற்றது, இரண்டையும் தனித்தனியே ஓட்டி, பிறகு நிரலில் ஒப்பிடுவது. வடிவம் மாறி மாறி வரும் பில்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். அட்டவணையை மாடல் தரட்டும். மாடல் சொன்ன ஒவ்வொரு எண்ணும் ஓசிஆர் பட்டியலில், அதே வரிசையின் உயரத்தில் இருக்கிறதா என்று நிரல் தேடட்டும். கணக்கு நிரலுக்கு மட்டுமே உரியது. கீழே `rows`, `subtotal` ஆகியவற்றில் இருப்பவை, எழுத்துகளாக வாங்கியதில் காற்புள்ளியை நீக்கி `Decimal` ஆக மாற்றிய எண்கள்:

```python
from decimal import Decimal as D, ROUND_HALF_UP

def r(x):
    return x.quantize(D("0.01"), ROUND_HALF_UP)

for x in rows:
    x["diff"] = r(x["qty"] * x["rate"]) - x["amount"]
gap = sum(x["amount"] for x in rows) - subtotal
```

`float` வேண்டாம்; 0.1-ஐக்கூட அது துல்லியமாக வைத்துக்கொள்ளாது, இல்லாத பைசா வித்தியாசங்களைக் காட்டும்.

நம் பில்லை இந்த வழியில் ஓட்டுவோம். முத்திரையின் நிழல் பட்டதால் இரண்டாம் வரிசையின் விலையை மாடல் 138.00 என்று படித்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது `diff` இரண்டு இடத்தில் வருகிறது: முதல் வரிசையில் −10.00, இரண்டாம் வரிசையில் +14.00. `gap` சுழி. அதாவது தொகைப் பத்தி முழுவதும் கூட்டுத்தொகையோடு பொருந்துகிறது. கோளாறு அளவிலோ விலையிலோ இருக்கலாம், அல்லது பில்லிலேயே இருக்கலாம்.

இரண்டாம் வரிசையில் ஓசிஆர் 136.00 என்கிறது. அதை வைத்தால் 7 × 136.00 = 952.00, வித்தியாசம் மறைகிறது. எனவே 136.00 ஏற்கப்படுகிறது. முதல் வரிசையில் இரண்டு வாசிப்பும் மூன்று கட்டத்திலும் ஒத்துப்போகின்றன; ஆனாலும் கணக்கு உதைக்கிறது. அப்படியானால் பெரும்பாலும் தவறு பில்லில்தான். அது மனிதர் பார்வைக்குப் போக வேண்டும், வெட்டிய படத்தோடு.

இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று: இரண்டு வாசிப்பில் ஒன்றாவது உண்மையில் படித்த எண்ணைத்தான் மாற்றாக வைக்கலாம். 952-ஐ 7-ஆல் வகுத்து வந்த எண்ணை நிரல் தானாக நிரப்பினால், மாடல் செய்த அதே தவறை நாம் நிரலில் செய்கிறோம்.

வித்தியாசத்தின் வடிவமும் துப்பு கொடுக்கும். கூட்டுத்தொகை இடைவெளி ஏதாவது ஒரு வரிசையின் தொகைக்குச் சமமாக இருந்தால் அது இரண்டு முறை வந்திருக்கிறது. சில்லறையாக மாற்றிய இடைவெளி 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 549.75 என்பது 594.75 ஆனது போல இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். சரியான தொகையைப்போல் 99 மடங்கு இருந்தால் புள்ளி விழுந்துவிட்டது. பல பக்கப் பில்லில் இடைவெளி முதல் பக்கத்தின் மொத்தத்துக்குச் சமமானால், ‘முன்பக்கத் தொகை’ வரிசையையும் பொருளாக எண்ணிவிட்டோம்.

எவ்வளவு வித்தியாசம் வரை பிழையாக எண்ணாமல் விடுவது? வரியை வரிசைதோறும் முழுமையாக்கினால் ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 0.005 விலகும், மொத்தத்தில் ஒருமுறை முழுமையாக்கினால் இன்னொரு 0.005. ஆக 4 வரிசைக்கு 0.025 போதும். ஒரு முழு அலகு வரை போனால் போகட்டும் என்று விடுவது, கடைசி இலக்கங்களின் பிழைகளை எல்லாம் உள்ளே விடுவதற்குச் சமம்.

கூட்டல் எட்டாத இடங்களும் உண்டு. அளவும் விலையும் பத்தி மாறிவிட்டால் பெருக்கல் அப்படியேதான் இருக்கும். அதை ஓசிஆர் தரும் `left` மட்டுமே பிடிக்கும். பில் எண்ணையும் தேதியையும் எந்தக் கணக்கும் காப்பதில்லை. இரண்டு வாசிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டுமே ஏற்க வேண்டும். வங்கிக் கணக்கு எண் ஐபான் என்ற சர்வதேச வடிவில் இருந்தால் 97-ஆல் வகுக்கும் சோதனை அதற்குள்ளேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

வடிவம் மாறாத பில்கள் மட்டும் வருகிற இடத்தில் ஓசிஆரும் விதிகளுமே போதும். வெறும் தேடலுக்காகப் பழைய பில்களை எழுத்தாக்குவதென்றால் மாடல் மட்டும் போதும். பணம் கொடுக்கும் முன் பார்க்கிற பில்லுக்கு மட்டும் இரண்டு வாசிப்பின் கூடுதல் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.