எந்த எடையால் பெருக்குவது? உடல் பருமன் உள்ளவருக்குப் புரத அளவு குறிக்கும் மூன்று வழிகள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்த 46 வயதுப் பெண்மணியின் உயரம் 155 செ.மீ., எடை 92 கிலோ. எடையைக் குறைக்கும் காலத்தில் தசை கரையாமலிருக்க, கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். 92-ஐ 1.2-ஆல் பெருக்கி, நாளொன்றுக்கு 110 கிராம் என்று கணக்கிட்டு, அதை எட்ட முடியாமல் ஒரு புரதப் பொடி டப்பாவையும் வாங்கி வைத்திருந்தார். அவர் செய்த பெருக்கலில் பிழையில்லை. எந்த எடையைப் பெருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

இப்போதைய எடையை அப்படியே எடுப்பது முதல் வழி. எளிமையைத் தவிர இதில் வேறு நன்மை இல்லை. புரதத்தைப் பெரிதும் கேட்பவை தசையும் உள்ளுறுப்புகளும்தான். கொழுப்புத் திசுவின் தேவை மிகக் குறைவு. ஆகவே ஒருவருக்குக் கொழுப்பு எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு தூரம் இந்தக் கணக்கு மேலே போய்விடும்.

உயரத்திலிருந்து பெறும் உகந்த எடையை எடுப்பது இரண்டாவது வழி. மருத்துவமனைகளில் வழங்கும் டெவின் சூத்திரப்படி, பெண்களுக்கு ஐந்தடிக்கு 45.5 கிலோ என்று வைத்து, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ சேர்க்க வேண்டும். ஆண்களுக்கு 50 கிலோவில் தொடங்க வேண்டும். இவருக்கு அது ஏறத்தாழ 48 கிலோ, 1.2-ஆல் பெருக்கினால் 58 கிராம். பார்க்கச் சிக்கனமாகத் தெரிந்தாலும் இது குறைவு என்பது என் முடிவு. ஏனெனில், கூடியிருக்கும் 44 கிலோவும் வெறும் கொழுப்பு அல்ல. அந்தச் சுமையைத் தாங்க வளர்ந்த தொடைத் தசையும், கூடுதலாக ஓடும் இரத்தமும் அதில் அடங்கும். உகந்த எடைக் கணக்கு இவற்றை இல்லாதவையாகவே எண்ணுகிறது. ஐந்தடிக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு இந்தச் சூத்திரம் சரிவரப் பொருந்துவதும் இல்லை. நம் பக்கத்துப் பெண்களில் அந்த உயரத்தினர் பலர்.

மூன்றாவது வழியான திருத்திய எடை, இந்த இடைவெளியை ஈடுகட்ட வந்தது. கூடுதல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு என்று கொண்டு, அந்தக் கால் பங்கை மட்டும் உகந்த எடையோடு சேர்ப்பார்கள். 44-இல் கால் பங்கு 11. ஆக 59 கிலோ, 71 கிராம் புரதம். கால் பங்கு என்பதும் ஓர் உத்தேசமே, சிலர் 0.4 என்றும் எடுப்பார்கள், அப்போது 79 கிராம் வரும். உடலமைப்பை அளக்கும் கருவி இல்லாத இடத்தில், வீட்டிலிருந்தபடி எடை குறைப்பவருக்கு நான் கால் பங்குக் கணக்கையே தேர்கிறேன்.

எடையைவிட அதிகமாகத் தவறு நேர்வது, எடையோடு இணைய வேண்டிய பெருக்கெண்ணில். தீவிர சிகிச்சைப் பிரிவில், எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 30 முதல் 40 வரை உள்ளவருக்குக் கிலோவுக்கு 2 கிராம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் ஒன்று சொல்கிறது. அது உகந்த எடைக்கு உரிய எண். இவரை அதில் வைத்தால் 96 கிராம் வரும். அதே 2-ஐ எடுத்து 92 கிலோவோடு பெருக்கினால் 184 ஆகிவிடும். மறுபுறம், கிலோவுக்கு 0.8 கிராம் என்று பொதுவாகச் சொல்லும் அளவை உகந்த எடையோடு பெருக்கினால் 38 கிராம்தான்; அதை வைத்துக்கொண்டு சோற்றையும் குறைத்தால், சில மாதங்களில் தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலை வரலாம். எடை இறங்குகையில் கால் வலுவும் கூடவே இறங்கினால், தசை போகிறது என்று ஐயப்பட வேண்டும்.

தட்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கேழ்வரகு மாவு 100 கிராமில் செய்த களி, ஒரு வேளைச் சோறு, 40 கிராம் கொள்ளு, 30 கிராம் துவரம்பருப்பு, இரண்டு முட்டை, கால் லிட்டர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 75 கிராம் கோழிக்கறி ஆகியவை சேர்ந்து சுமார் 68 கிராம் புரதம் தரும். எண்ணெயோடு 1,500 கலோரியை ஒட்டி நிற்கும். 110 கிராம் வேண்டுமென்றால், மீதியைப் பருப்பு வகைகளிலிருந்து எடுக்க இன்னும் 600 கலோரிக்கு மேல் சேர வேண்டியிருக்கும்; எடை குறைப்பே நின்றுவிடும். பொடி டப்பாவுக்கு அவர் போனதற்கு இதுவே காரணம்.

இந்த மூன்று கணக்கும் சிறுநீரகம் சரியாக இயங்குபவருக்கே பொருந்தும். இவருக்குச் சர்க்கரை நோயும் இருந்ததால், கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் பார்த்த பிறகே 71-ஐ எழுதிக் கொடுத்தேன். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும். கால் வீக்கம் உள்ளவரின் எடையில் நீரும் சேர்ந்திருப்பதால், அவருக்குத் திருத்திய எடையும் ஏமாற்றும்.

எடை 84 கிலோவுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். முதல் வழியில் 110 என்பது 101 ஆகக் குறையும்; திருத்திய எடையில் 71 என்பது 68 ஆகும், அவ்வளவே. களியையும் கொள்ளையும் மாற்ற வேண்டிய தேவையே வராது.