ஆறாம் கிழமைப் பாலும் எட்டாம் மாதப் பாலும்: பிறீசியன் கலப்பா, ஜேர்சி கலப்பா, நாட்டு மாடா?

மாரி முடிகிற நேரம். முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் அண்ணை ஒருவர் வெறும் பால் கானோடு படலையடியில் வந்து நின்றார். கையில் பால் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்த துண்டு. அவருடைய பிறீசியன் கலப்புப் பசுவின் பாலில் கொழுப்பு 3.4 வீதம். அதே நாள் என்னுடைய ஜேர்சி கலப்புக்கு 5.0. எங்கள் இரண்டு வீட்டிலும் அப்போது கறந்தது ஒவ்வொரு மாடுதான், ஆகவே துண்டில் இருந்த எண் அந்தந்த மாட்டின் எண்.

"தம்பி, உன்ர மாடு நெய் கறக்குது, என்ரது தண்ணி கறக்குது. இதை வித்துப்போட்டு ஒரு ஜேர்சி வாங்கப் போறன்" என்றார்.

"அண்ணை, மாடு கண்டு போட்டு எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

ஆறு கிழமை. என்னுடையது கன்று ஈன்று எட்டாம் மாதத்தில் நின்றது. அவர் ஒப்பிட்டது இரண்டு இனங்களை அல்ல, ஒரு மாட்டின் மிக மெலிந்த பாலையும் இன்னொரு மாட்டின் மிகத் தடித்த பாலையும். வன்னியில் மாடு விற்பதும் வாங்குவதும் பெரும்பாலும் இந்தப் பிழையோடுதான் நடக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கன்று ஈன்ற முதல் நாள் வரும் கடும்பில் புரதம் மிக அதிகம். சாதாரண பாலில் இருப்பதைப் போல நாலு மடங்கு வரை இருக்கும். அதில் பெரும்பங்கு கன்றுக்கு நோய் எதிர்ப்பைக் கொடுக்கும் புரதம். நாலைந்து நாளில் அது வழக்கமான பாலாகிவிடும். அதன்பிறகு பால் அளவு கிழமைக்குக் கிழமை ஏறி, ஆறாம் எட்டாம் கிழமையில் உச்சத்துக்கு வரும். கொழுப்பும் புரதமும் அடிமட்டத்துக்கு இறங்குவதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். காரணம் மடிக்குள் உண்டாகும் பால் வெல்லம், அதாவது லக்ரோஸ். அது எவ்வளவு உண்டாகிறதோ அந்த அளவுக்குத் தண்ணீரைப் பாலுக்குள் இழுக்கும். உச்சக் கறவையில் லக்ரோஸ் வேகமாக உண்டாகும், தண்ணீரும் வேகமாக வரும். கொழுப்பும் புரதமும் அதே வேகத்தில் உண்டாக முடியாமல் பின்தங்கி, பால் ஐதாகிறது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பால் குறையக் குறைய இரண்டும் மெல்ல மெல்ல ஏறி, வற்றும் காலத்தில் உச்சத்தில் நிற்கும்.

சரி, இனத்துக்கு வருவோம். தூய பிறீசியனின் பாலில் சராசரியாகக் கொழுப்பு மூன்றரை வீதத்தைச் சுற்றி நிற்கும், புரதம் மூன்றுக்குச் சற்று மேல். தூய ஜேர்சியில் கொழுப்பு ஐந்துக்குக் கிட்ட, புரதம் மூன்றே முக்காலைச் சுற்றி. எங்களிடம் இருப்பவை கலப்பு மாடுகள் என்பதால் எண்கள் இவற்றுக்கு இடையில் எங்காவது விழும். இனம் போடுவது ஒரு அடித்தளம். கறவைக் காலம் அந்த அடித்தளத்துக்கு மேலே ஏறி இறங்குகிறது.

அண்ணையை இருத்திவிட்டு என் கொப்பியை எடுத்தேன். ஜேர்சி கலப்பு ஆறாம் கிழமையில் நின்றபோது 8 லீற்றர் கறந்தது, கொழுப்பு 4.2. எட்டாம் மாதத்தில் 4 லீற்றர், 5.0. ஆகவே ஒரே மாட்டுக்குள்ளேயே 0.8 வித்தியாசம். இப்போது அதன் ஆறாம் கிழமையை அவருடைய மாட்டின் ஆறாம் கிழமையோடு வைத்துப் பாருங்கள்: 4.2 எதிர் 3.4. அதுவும் 0.8 தான். அண்ணை பார்த்த 1.6 வித்தியாசத்தில் பாதி நாளால் வந்தது, இனத்தால் வந்தது மற்றப் பாதிக்கு மேல் இல்லை.

புரதத்தைத் துண்டில் தனியாகப் போட மாட்டார்கள். கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும்தான் இருக்கும், காசும் அந்த இரண்டையும் பார்த்துத்தான். ஆனால் திண்மத்தில் இருந்து புரதத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். கொழுப்பற்ற திண்மம் என்பது லக்ரோஸ், புரதம், உப்புகள் மூன்றும் சேர்ந்தது. சுகமான மாட்டில் லக்ரோஸ் 4.7 அளவிலும் உப்புகள் 0.7 அளவிலும் பெரிதாக அசையாமல் நிற்கும். எனவே திண்மத்தில் இருந்து 5.4 ஐக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழப் புரதம். அண்ணையின் துண்டில் திண்மம் 8.4, ஆகவே புரதம் 3.0. என் மாடு ஆறாம் கிழமையில் 8.7, அதாவது 3.3. எட்டாம் மாதத்தில் 9.1, அதாவது 3.7. மடிவீக்கம் வந்த மாட்டிலும், வற்றப்போகிற கடைசி நாட்களிலும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அப்போது லக்ரோஸ் குறைந்து உப்பு கூடிவிடும், வாயில் வைத்தாலே பால் கரிக்கும்.

இனி வீதத்தை விட்டுவிட்டு நிறையைப் பார்ப்போம், ஏனென்றால் கானில் போவது நிறைதான். ஆறாம் கிழமையில் அண்ணையின் பசு 11 லீற்றர் கறந்தது. லீற்றருக்கு 34 கிராம் என்று பார்த்தால் நாளுக்கு 374 கிராம் கொழுப்பு. என் மாடு அதே கிழமையில் 336 கிராம். புரதம் அவருடையதில் 330, என்னுடையதில் 264. "தண்ணி கறக்குது" என்று அவர் சொன்ன மாடுதான் கொழுப்பும் புரதமும் சேர்த்து நாளுக்கு நூறு கிராம் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அது தின்பதும் கூட. பிறீசியன் கலப்பு 400 கிலோ, என் ஜேர்சி கலப்பு 300 கிலோ என்று வைத்து, உடல் நிறையில் நூற்றுக்கு மூன்று உலர் தீனி என்று கணக்குப் போட்டால், ஒன்று 12 கிலோ தின்னும், மற்றது 9 கிலோ. தீனி ஒரு கிலோவுக்கு அவருடையதில் 59 கிராம் கொழுப்பும் புரதமும், என்னுடையதில் 67. இது தோராயக் கணக்குத்தான். தீனியைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இதில் ஜேர்சி முன்னுக்கு நிற்கிறது. இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் சொந்தமாகப் புல் வளர்க்கிறவருக்கு, நிழலும் தண்ணீரும் நாள் முழுக்கக் கொடுக்க முடியுமென்றால், பிறீசியன் கலப்பு தோற்கவில்லை. ஆடி ஆவணி வெயிலில் அது மூச்சு வாங்கிக்கொண்டு தீனியைப் பாதியில் விடும். பாலும் திண்மமும் சேர்ந்து இறங்கும். ஜேர்சி அந்த வெயிலைக் கொஞ்சம் கூடத் தாங்கும்.

நாட்டு மாட்டின் கதை வேறு. நெடுங்கேணிப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரிடம் பட்டி மாடுகள் இருக்கின்றன. காலையில் ஒருமுறை மட்டும் கறப்பார்கள், மாட்டுக்கு ஒன்று ஒன்றரை லீற்றர். நாட்டு மாட்டுப் பால் தடித்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவருடைய துண்டில் 3.5 தான் விழுந்துகொண்டிருந்தது. நிலையத்தில் குறைத்துப் போடுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். நான் ஒரு பசுவை எடுத்து, முதல் கறந்த பாலைத் தனிக் கோப்பையிலும், கன்றுக்கு விடும் கடைசிப் பாலை இன்னொரு கோப்பையிலும் பிடித்து கொழுப்பு அளக்கக் கொடுத்தேன். முதற்பால் 1.6, கடைசிப் பால் 8 க்கு மேல். கொழுப்புத் துணிக்கைகள் மடியில் பின்தங்கிக் கடைசியில்தான் இறங்கும். அந்தக் கடைசிப் பாலைக் கன்று குடிக்கிறது, கானுக்குள் போவது ஐதான பங்கு. இதில் யாரும் ஏமாற்றவில்லை. கன்றுக்கு விடுவதும் பிழையில்லை, விடாவிட்டால் நாட்டு மாடு பாலை இறக்கவே இறக்காது. கன்றை ஊட்டவிட்டுப் பால் இறங்கியதும் கட்டி, மூன்று முலையை ஒட்டக் கறந்து, ஒரு முலையை முழுதாகக் கன்றுக்கு விடச் சொன்னேன். லீற்றர் மாறவில்லை, துண்டு 4.4 க்கு ஏறியது. புரதம் இப்படி மாறாது. முதற்பாலிலும் கடைசிப் பாலிலும் அது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கொழுப்பு மட்டும் விழுந்து திண்மம் நல்லபடி இருந்தால் முதலில் கறவை முறையைப் பாருங்கள்.

தரவையில் மேயவிட்டு வளர்க்கிறவருக்கு ஜேர்சியும் வேண்டாம், பிறீசியனும் வேண்டாம். சாஹிவால் காளையை நாட்டுப் பசுவோடு சேர்த்தால் வெயிலும் உண்ணியும் தாங்கும் கன்று வரும், பாலும் கூடும், கொழுப்பும் நாலரையை ஒட்டி நிற்கும். கன்று செத்தால் சாஹிவால் கலப்பும் பாலை அடக்கிவிடக்கூடும். அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

எந்த இனமானாலும், எந்த மாதத்தில் கன்று போடுகிறது என்பது வன்னியில் பெரிய விஷயம். ஐப்பசி கார்த்திகையில் ஈன்ற மாட்டுக்கு அந்த அடிமட்டக் கிழமைகள் மாரியின் இளம் புல்லோடு சேர்ந்து வரும். இளம் புல்லில் நார் குறைவு. நாரில் இருந்து இரைப்பையில் உண்டாகும் அசற்றிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். எனவே இரண்டு காரணமும் சேர்ந்து கொழுப்பை அமுக்கும். அண்ணையின் 3.4 க்கு இதுவும் ஒரு காரணம். புல்லுக்கு முன் வைக்கோல் ஒரு கட்டுப் போட அவருக்குச் சொன்னேன். பத்து நாளில் 3.6 ஆகியது. அதற்குமேல் ஏறவில்லை. ஏறாது, அது கறவைக் காலத்தின் பங்கு.

வைகாசி ஆனியில் ஈன்ற மாட்டில் ஆபத்து மறுபக்கம். தீனி இல்லாத காலத்தில் பால் உச்சத்துக்குப் போகும்போது மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலில் விடும். துண்டில் கொழுப்பு 4.8 என்று அழகாக விழும், புரதம் 2.9 க்கு இறங்கியிருக்கும். கொழுப்பைப் புரதத்தால் வகுத்தால் ஒன்றரைக்கு மேல் வருகிறதா, முதுகெலும்பு தெரிகிறதா, புண்ணாக்கை விட்டுவிட்டு வைக்கோலை மட்டும் கடிக்கிறதா, மூச்சில் இனிப்பான ஒரு மணம் வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது நல்ல பால் அல்ல, மாடு உருகுகிறது. உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

அண்ணை மாட்டை விற்கவில்லை. நான் சொன்னபடி ஒவ்வொரு மாதமும் முதல் கிழமைத் துண்டை, ஈன்ற நாளில் இருந்து எத்தனையாம் நாள் என்று பின்பக்கம் எழுதி, ஆணியில் குத்தி வைத்தார். ஆவணியில் அது எட்டாம் மாதம். 5 லீற்றர், கொழுப்பு 4.1, திண்மம் 8.8. அதற்குள் ஜேர்சி விந்து ஏற்றிச் சினைப்பட்டும் இருந்தது. துண்டுக் கட்டைக் கொண்டுவந்து என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி தம்பி, இப்ப சொல்லு, பிறக்கிற கண்டின்ர பாலை எந்த மாட்டோட, எந்தக் கிழமையில வைச்சுப் பாக்கிறது?" என்று கேட்டார்.

"தாயின்ர ஆறாம் கிழமையோட, அண்ணை. இந்த 3.4 துண்டை எறிஞ்சுபோடாதேங்கோ."