கூறு நூலகமும் இடைவெளியும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நான் பணிபுரியும் சிறு நிறுவனம், சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளில் இயங்கும் தனியார் மருந்தகங்களுக்கு முன்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்கித் தருகிறது. நோயாளி கைப்பேசியில் பார்க்கும் திரைகள், முகப்பில் இருக்கும் டேப்லெட்டின் திரைகள், மருத்துவரின் கணினித் திரைகள் என்று அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அது இயங்க வேண்டும். மூன்று பகுதிகளையும் மூன்று பேர் தனித்தனியாக எழுதியதால், ஒரே நிறுவனத்தின் செயலி என்று சொன்னால்தான் தெரியும் நிலை இருந்தது. 2021ஆம் ஆண்டின் நடுவில் பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, அட்டை போன்றவற்றை ஒரே இடத்தில் எழுதி எல்லாத் திரைகளிலும் பயன்படுத்தும் கூறு நூலகம் ஒன்றைத் தொடங்கினோம். நிறத்தையும் எழுத்துருவையும் சில வாரங்களில் ஒருமைப்படுத்திவிட்டோம். இடைவெளியோ இன்றுவரை வேலை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பகிர்வில் அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் ஓர் அளவுகோலை வகுத்தோம்: 4, 8, 12, 16, 24, 32, 48 பிக்சல். எட்டின் மடங்குகள் மட்டும் போதும் என்று எங்கள் வடிவமைப்பாளர் கருதினார். ஆனால் சிறிய சின்னத்துக்கும் அதையொட்டிய சொல்லுக்கும் இடையே 8 அகலமாகத் தெரிந்தது. பொத்தானின் உள்விளிம்புக்கு 8 குறைவாகவும் 16 மிகையாகவும் இருந்தன. எனவே நான்கை அடிப்படையாகக் கொண்டோம். முதலில் `small`, `medium`, `large` என்று பெயரிட்டது தவறு. ஆறு மாதத்தில் ஒருவர் `medium-small` என்று ஒன்றைச் சேர்த்தபோது, எது பெரியது என்று எவருக்கும் நினைவில் நிற்கவில்லை. பிறகு நான்கின் எத்தனையாவது மடங்கு என்பதையே பெயராக்கினோம். `--sp-3` என்றால் 12 பிக்சல்.

அளவுகோல் வந்த பிறகும் திரைகள் ஒன்றுபோல் தோன்றவில்லை என்பதுதான் எங்களை அதிகம் குழப்பியது. எல்லாரும் அளவுகோலிலிருந்தே மதிப்புகளை எடுத்திருந்தார்கள். ஆயினும் முன்பதிவுப் பட்டியலில் அட்டைகளுக்கு இடையே 16 பிக்சலும், உறுதிப்படுத்தும் திரையில் அதே அட்டைகளுக்கு இடையே 32 பிக்சலும் இருந்தன. காரணம் அட்டைக்குள்ளேயே இருந்தது. அட்டைக்கு மேலும் கீழும் 16 பிக்சல் `margin` வைத்து நூலகத்தில் எழுதியிருந்தேன். சாதாரண `block` அமைப்பில் அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் செங்குத்து `margin` ஒன்றாக ஒடுங்கிவிடும். 16உம் 16உம் சேர்ந்து 16 ஆகும். `flex` அமைப்பில் அவ்வாறு ஒடுங்காது, 32 ஆகும். பட்டியல் திரை முதல் வகை, உறுதிப்படுத்தும் திரை இரண்டாம் வகை.

அந்தத் திரையை எழுதியவர் 32ஐப் பார்த்துவிட்டு, காரணத்தைத் தேடாமல், ஒவ்வோர் அட்டையையும் சுற்றியிருந்த உறைக்கு `margin-top: -16px` என்று ஒரு வரியைச் சேர்த்து அதை 16 ஆக்கிவிட்டார். அன்றைக்குச் சரியாகத்தான் தெரிந்தது. சில மாதங்கள் கழித்து, கைப்பேசியில் இன்னும் ஓர் அட்டை கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நூலகத்தில் 16ஐ 12 ஆகக் குறைத்தேன். பட்டியலில் 12 வந்தது. உறுதிப்படுத்தும் திரையில் 12உம் 12உம் கூடி 24 ஆகி, அதிலிருந்து 16 போக, 8 வந்தது. ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்பதற்காகத்தானே நூலகம் கட்டினோம். அதே மாற்றம் இரண்டு திரைகளை இரண்டு வழியில் இழுத்துச் சென்றது. நூலகக் கூறின் அருகே எதிர்மறை `margin` ஒன்றைக் கண்டால், அந்தக் கூறு தன் எல்லைக்கு வெளியே எதையோ வைத்திருக்கிறது என்று இப்போது உடனே ஐயப்படுகிறேன்.

அதன் பிறகு வகுத்த விதி இதுதான்: எந்தக் கூறும் தன் எல்லைக்கு வெளியே இடைவெளி வைக்கக் கூடாது. உள்விளிம்பு கூறுக்குச் சொந்தம். இரண்டு கூறுகளுக்கு இடையிலான வெளி, அவற்றை அடுக்கிவைக்கும் தாய்க்கூறுக்குச் சொந்தம். அதற்காக `Stack` என்ற ஒரு கூறை எழுதினோம். முதல் வடிவத்தை `flex` கொண்டு எழுதியபோது அலுவலகத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு மருந்தகத்தின் முகப்பில் இருந்த பழைய ஐபேடில் எல்லாப் பெட்டிகளும் இடைவெளியே இன்றி ஒட்டிக்கொண்டு நின்றன. `flex` அமைப்பில் `gap` வேலை செய்வது சஃபாரி 14.1 முதல்தான், அதுவே 2021 ஏப்ரலில்தான் வந்தது. அந்த முதல் தலைமுறை ஐபேட் ஏர் ஐஓஎஸ் 12க்கு மேல் ஏறாது. `@supports (gap: 1px)` என்று சோதித்தும் பயனில்லை. `grid` அமைப்பில் `gap` இருப்பதால் அந்தச் சோதனை 'உண்டு' என்றே விடை தரும். அந்த விடையிலேயே தீர்வும் இருந்தது. அடுக்கை `grid` ஆக மாற்றினோம்.

```css
.stack {
  display: grid;
  grid-template-columns: minmax(0, 1fr);
  align-content: start;
  gap: var(--stack-gap, var(--sp-4));
}
```

இரண்டாவது வரி இல்லாவிட்டால் நீண்ட மின்னஞ்சல் முகவரி ஒன்று முழு அடுக்கையும் திரைக்கு வெளியே தள்ளிவிடும். மூன்றாவது இல்லாவிட்டால், அடுக்கின் உயரம் உள்ளடக்கத்தைவிட அதிகமாக இருக்கும்போது வரிசைகள் நீண்டு, இடைவெளி பெருகியதுபோல் தோன்றும். இந்த நான்கு வரிகளை இன்றுவரை மாற்ற நேரவில்லை.

ஒரே ஒரு குறை அவ்வப்போது தலைகாட்டுகிறது. பிழைச்செய்தி வரும்போது மட்டும் நிரம்பும் வெற்று `div` ஒன்று அடுக்குக்குள் இருந்தால், அதன் உயரம் சுழியமாக இருந்தாலும் அதற்கு இருபுறமும் `gap` விழும். 16 வேண்டிய இடத்தில் 32 இருக்கும். எங்காவது இடைவெளி சரியாக இரண்டு மடங்காகத் தெரிந்தால், முதலில் வெற்று உறைகளைத் தேடுங்கள். செய்தி இல்லாதபோது உறையையே வரையாமல் விடுவதுதான் தீர்வு.

இனித் தமிழுக்கு வருகிறேன். தலைப்புகளுக்கு 24 பிக்சல் எழுத்தும் 1.2 வரி உயரமும் வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் அது அழகாக இருந்தது. தேக்கா அருகே ஒரு மருந்தகத்துக்குச் சென்றிருந்தபோது, முகப்பில் இருந்த அக்கா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "தம்பி, மேல் வரி கீழ் வரியில இடிக்குதே, வயசானவங்க இதை எப்படிப் படிப்பாங்க?" என்றார். மேல் வரியிலிருந்த 'ந்து'வின் கீழ்வளைவு, கீழ் வரியிலிருந்த 'சி'யின் மேல்வளைவைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் தமிழன், அந்தத் திரையைப் பலமுறை சோதித்தவன், ஆனால் சோதித்ததெல்லாம் ஒற்றை வரியில் அடங்கும் தலைப்புகளைக் கொண்டே என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடம் வரி உயரத்தில் அடங்கியிருப்பதால், நாம் எழுதும் இடைவெளியும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியும் ஒன்றாக இருப்பதில்லை. 24 பிக்சல் எழுத்துக்கு 1.2 என்றால் வரியின் உயரம் ஏறக்குறைய 29, 1.5 என்றால் 36. கூடிய 7 பிக்சலில் பாதி வரிக்கு மேலும் பாதி கீழும் சேர்கிறது. ஆங்கிலத்தில் அது வெறும் வெளியாக நின்று, தலைப்பை அதன் பத்தியிலிருந்து விலக்கிக் காட்டும். தமிழிலோ மேலேறும் வளைவும் கீழிறங்கும் வளைவும் அந்த வெளியில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். அதனால் மொழிக்கேற்ப `gap` மதிப்புகளை மாற்றிப் பார்த்தோம். அது தவறான பாதை. அளவுகோலையே நான்காகப் பிளந்துவிடும். இறுதியில் இடைவெளியைத் தொடாமல், வரி உயரத்தை மட்டும் மொழிக்கேற்ப மாற்றினோம்.

```css
:lang(ta) {
  --lh-heading: 1.5;
  --lh-body: 1.75;
}
```

24 பிக்சல் தலைப்புக்கு 36, 16 பிக்சல் பத்திக்கு 28 என இரண்டும் நான்கின் மடங்குகளாகவே அமைந்தன. இது வேலை செய்ய, பயனர் மொழியை மாற்றும்போது `html` உறுப்பின் `lang` பண்பும் மாற வேண்டும். எங்கள் செயலி சொற்களை மட்டும் மாற்றிவிட்டுப் பண்பை `en` என்றே விட்டிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் ஆயிற்று.

பொத்தான்களிலும் இதே கதைதான். 40 பிக்சல் என்று நிலையான உயரம் வைத்திருந்தோம். 'முன்பதிவை உறுதிசெய்க' என்பது குறுகிய கைப்பேசியில் இரண்டு வரிகளாக மடிந்து பொத்தானுக்கு வெளியே வழிந்தது. நிலையான உயரத்தை எடுத்துவிட்டு, மேலும் கீழும் 12 பிக்சல் உள்விளிம்பு மட்டும் வைத்தோம். ஆங்கிலப் பொத்தான் 48 பிக்சலும் தமிழ்ப் பொத்தான் 52 பிக்சலும் வருகின்றன. வடிவமைப்பாளருக்கு இது உறுத்தியது. ஆனால் ஒரு திரையில் ஒரு மொழிதான் இருக்கும் என்பதால் இருக்கட்டும் என்று விட்டோம். மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் மட்டும் நான்கும் அருகருகே நிற்கின்றன. அங்கே வரிசையின் உயரத்துக்குப் பொத்தான்கள் நீளும்படி அமைத்திருக்கிறோம்.

விதியை வாய்மொழியாகச் சொல்லிக் காப்பாற்ற முடியாது என்பதை இரண்டாம் ஆண்டில் ஒப்புக்கொண்டேன். `stylelint` கருவியில், `margin`, `padding`, `gap` ஆகியவற்றில் பிக்சல் எண்ணை நேரடியாக எழுதினால் பிழை காட்டும்படி செய்தோம்.

```json
"declaration-property-value-disallowed-list": {
  "/^(margin|padding|gap)/": ["/\\dpx/"]
}
```

விலக்கு வேண்டுவோர் அந்த வரிக்கு மேலே காரணத்தை எழுதிவிட்டு விதியை அணைக்கலாம். அந்தக் காரணங்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வாசிப்பது, எனக்கு இந்த நூலகத்தைப் பற்றிக் கிடைக்கும் மிக நேர்மையான கருத்துரை. பல விலக்குகள் மருத்துவரின் அட்டவணைத் திரையிலிருந்தே வந்தன. நோயாளிக்கான 16 பிக்சல் காற்றோட்டம், ஒரு நாளின் எல்லா முன்பதிவுகளையும் ஒரே பார்வையில் காண விரும்பும் மருத்துவருக்கு இடையூறு. அந்தத் திரைகளுக்கு அளவுகோலில் ஒரு படி குறைத்துக்கொள்ளும் நெருக்கமான வகை ஒன்றைச் சேர்த்ததும் விலக்குகள் வெகுவாகக் குறைந்தன.

இன்னும் தீராத ஒன்று உண்டு. எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தை வெட்டியெடுக்கும் `text-box-trim` என்ற வசதி சஃபாரி 18.2இலும் குரோம் 133இலும் வந்துவிட்டது. `text-box: trim-both cap alphabetic` என்று கொடுத்தால், ஆங்கிலத்தில் நாம் எழுதும் 16 கண்ணுக்கும் 16 ஆகவே தெரியும். ஆனால் அது வெட்டுவது இலத்தீன் பேரெழுத்தின் உச்சியிலும் அது நிற்கும் அடிக்கோட்டிலும். தமிழின் மேல்வளைவு அந்த உச்சிக்கு மேலேயும் கீழ்வளைவு அந்தக் கோட்டுக்குக் கீழேயும் நீட்டிக்கொண்டு அடுத்த கூறின் இடத்துக்குள் புகுந்துவிடும். ஆகையால் வரிசை எண்ணைப் பெரிதாகக் காட்டும் டேப்லெட் திரையில், வெறும் இலக்கங்கள் வரும் கூறில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். மற்ற இடங்களில், ஆங்கிலத் திரையின் தலைப்புக்குக் கீழே உள்ள வெளி தமிழ்த் திரையில் உள்ளதைவிடச் சற்று அகலமாகவே தெரிகிறது.