அப்பா டிவி பார்க்க எது உதவும்: குரல் மேம்பாடா, கழுத்து ஸ்பீக்கரா, கேப்ஷனா?

காது மங்கிய பெரியவர் வீட்டில் டிவி பார்க்க மூன்று வழிகள் உண்டு. டிவியிலேயே இருக்கும் குரல் மேம்பாட்டு வசதியைப் போடலாம், கழுத்தில் மாட்டும் வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கலாம், திரையில் கேப்ஷன் ஓடவிடலாம். மூன்றையும் எங்கள் வீட்டில் பார்த்த பிறகு கழுத்து ஸ்பீக்கரில் நின்றோம். அதனால் இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குறை எந்த வகை என்று பார்க்க வேண்டும். அப்பாவுக்கு வயது 78. "சத்தமெல்லாம் கேட்குதும்மா, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்பார். வயதால் வரும் கேட்புக் குறைவுக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது. அவருடைய கேட்புச் சோதனை வரைபடமான ஆடியோகிராமில் 500 ஹெர்ட்ஸில் இழப்பு 30 டெசிபெல், 4000 ஹெர்ட்ஸில் 65. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, அது வந்துவிடுகிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மையோ மேலே இருக்கிறது, அங்கேதான் காது மங்கியிருக்கிறது. காசு, காது, காடு மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இந்த நிலையில் டிவி சத்தத்தை ஏற்றினால் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிதான் இன்னும் இரைச்சலாகிறது. (ஒரு காதில் மட்டும் குறைந்தாலோ, திடீரென்று ஓரிரு நாளில் குறைந்தாலோ எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.)

குரல் மேம்பாடு செலவில்லாதது, ஆகவே முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். டிவியின் சவுண்ட் மெனுவில் Clear Voice என்றோ Voice Zoom என்றோ இருக்கும். பிரைம் வீடியோவில் சில படங்களுக்கு Dialogue Boost என்று தனி ஒலித்தடமே உண்டு. இது எந்த அளவு உதவும் என்பது உள்ளே வரும் ஒலியைப் பொறுத்தது. ஆறு தனித்தனித் தடங்களாக வரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் தனியாக வருவதால் அதை மட்டும் தூக்கிவிட முடிகிறது. கேபிள் செட்டாப் பாக்ஸில் வரும் சீரியல் பெரும்பாலும் சாதாரண ஸ்டீரியோ. அங்கே வசனமும் வயலினும் ஒரே தடத்தில் கலந்து கிடக்கின்றன. பேச்சு இருக்கும் அதிர்வெண்ணைத் தூக்கினால் வயலினும் கூடவே எழுந்து வருகிறது. அப்பாவுக்குச் செய்தியில் நல்ல வித்தியாசம் தெரிந்தது, சீரியலில் ஒன்றும் தெரியவில்லை.

கேப்ஷன் கொள்கை அளவில் மூன்றிலும் உறுதியானது. எழுத்துக்கு ஃபேன் சத்தம் தடையில்லை. தமிழ் மட்டும் படிக்கும் பெரியவருக்கு நடைமுறை வேறு. காது கேளாதோருக்காக டிவி நிகழ்ச்சிகளில் கேப்ஷனோ சைகை மொழியோ தரவேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் தரநிலைகள் வெளியிட்டது. ஆனால் அப்பா பார்க்கும் செய்தியிலும் சீரியலிலும் நான் கேப்ஷனைப் பார்த்ததில்லை. ஓடிடியில் தமிழ்ப் படத்துக்குப் பல நேரம் ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. கேட்கும் மொழியும் படிக்கும் மொழியும் ஒன்றாக இருந்தால் பாதி கேட்ட சொல்லை எழுத்து நிரப்பிக்கொடுக்கும். வேறு மொழி என்றால் அந்த உதவி போய்விடுகிறது, வாசிப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. பேப்பர் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவி எழுத்தைப் படிக்க முடியாது என்பது இன்னொரு சிக்கல். தமிழ் எழுத்து கிடைக்கிற இடத்தில் எழுத்தளவைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைத்து, தூரப் பார்வைக் கண்ணாடியோடு உட்காரவைத்தால் நன்றாகவே உதவுகிறது. கேட்புக் குறைவு மிகக் கடுமையாக இருப்பவர்களுக்குக் கேப்ஷன்தான் முதல் வழியாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் அனுபவம் மிதமான குறைவோடு நின்றுவிடுகிறது.

இனி கழுத்து ஸ்பீக்கர். கடையில் நெக்பேண்ட் என்று கேட்டால் காதில் செருகும் இயர்போனைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தோளில் உட்காரும், காதை மூடாத ஸ்பீக்கர் என்று விளக்கிக் கேட்க வேண்டும். இது ஏன் வேலை செய்கிறது என்றால் தூரம்தான் காரணம். எங்கள் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் 3 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் பேச்சோடு சுவரிலும் டைல்ஸ் தரையிலும் பட்டுத் திரும்பிய ஒலி சேர்ந்துவிடுகிறது, ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் கலந்துவிடுகின்றன. காதிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்பீக்கர் இருந்தால் எதிரொலி சேரும் முன்பே பேச்சு வந்து சேர்ந்துவிடும். கணக்குப்படி நேரடி ஒலிக்கு மட்டும் இது 20 டெசிபெலுக்கு மேலான அனுகூலம். காது திறந்தே இருப்பதால் அழைப்பு மணி கேட்கும், நாம் கூப்பிட்டாலும் கேட்கும். காதுக் கருவி மாட்டியிருந்தாலும் கழற்ற வேண்டியதில்லை. மேல் அதிர்வெண்ணைக் கூட்டித் தருவதைக் கருவி பார்த்துக்கொள்ளும், பேச்சை அருகில் கொண்டுவருவதை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். ஹெட்போனைக் காதுக் கருவியின்மேல் அழுத்தினால் பல கருவிகள் விசில் அடிக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

கடையில் யாரும் சொல்லாத விஷயம் தாமதம். விலை, பேட்டரி, பிராண்ட் எல்லாம் இதற்கு அப்புறம்தான். சாதாரண புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்பட்டு வருவதற்குள் 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. பாட்டு கேட்க அது பொருட்டில்லை. டிவியில் இரண்டு வகையில் கெடுக்கிறது. முதலாவது உதடு. காது மங்கியவர்கள் யாரும் கற்றுத்தராமலே உதட்டைப் படிக்கிறார்கள். சுமார் 125 மில்லிசெகண்டைத் தாண்டி ஒலி பின்தங்கினால் கண்ணுக்கு அது தெரிய ஆரம்பிக்கும் என்பது ஒளிபரப்புத் துறையின் அளவுகோல். அதைத் தாண்டினால் அப்பாவுக்கு உதடு தரும் உதவி குறைந்துவிடும். இரண்டாவது எதிரொலி. டிவி ஸ்பீக்கரும் ஓடி, கழுத்து ஸ்பீக்கரும் ஓடினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை வரும். இடைவெளி சுமார் 30 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. 200 மில்லிசெகண்ட் என்றால் முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. எந்த இரைச்சலுக்காக இதை வாங்கினோமோ அதையே நாம் கழுத்தில் மாட்டிவிட்டதுபோல் ஆகிவிடும்.

சரி, டிவி ஸ்பீக்கரை நிறுத்திவிடலாமே என்றால் மற்றவர்களுக்குக் கேட்காது. பல டிவிகளில் புளூடூத் இணைந்ததும் டிவி ஸ்பீக்கர் தானாகவே மௌனமாகிவிடும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து பார்க்கிற வீட்டில் இது சரிப்படாது. மெனுவில் படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்காக இருக்கும் AV Sync பெரும்பாலும் ஒலியை இன்னும் பின்தள்ளத்தான் உதவும், பின்தங்கிய ஒலியை முன்னால் இழுக்காது. யூடியூப் போன்ற சில செயலிகள் படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திச் சமாளிக்கும். செட்டாப் பாக்ஸில் வரும் நேரலைக்கு அந்த வழி இல்லை.

அதனால் டிவியின் புளூடூத்தை விட்டுவிட்டுத் டிவி ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பத் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்தோம். அது புளூடூத்தின் தாமதத்தைக் குறைக்கும் aptX Low Latency வகை. இதில் தாமதம் சுமார் 40 மில்லிசெகண்ட். டிவி ஒலி 3 மீட்டர் கடந்து வரவே 9 மில்லிசெகண்ட் ஆகிறது, ஆக இரண்டுக்கும் நடுவில் 30 சொச்சம்தான் வித்தியாசம். டிரான்ஸ்மிட்டர், ஸ்பீக்கர் இரண்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பழைய தாமதத்துக்கே திரும்பிவிடும். பெட்டியிலேயே டிரான்ஸ்மிட்டரோடு ஒரே ஜோடியாக வரும் டிவிக்கான ஸ்பீக்கர்களும் உண்டு. கிடைத்தால் அதுதான் சுலபம். சோதிப்பதற்குக் கிரிக்கெட் போதும். மட்டையில் பந்து படுவதைப் பாருங்கள். சத்தம் தனியாகப் பின்னால் வந்தால் தாமதம் அதிகம். அடுத்து டிவி ஸ்பீக்கரையும் ஏற்றி, செய்தி வாசிப்பவர் குரலில் எதிரொலி இருக்கிறதா என்று நீங்களே மாட்டிக்கொண்டு கேளுங்கள். பெரியவரிடம் கேட்டால் "பரவாயில்லைம்மா" என்றுதான் சொல்வார்.

டிரான்ஸ்மிட்டரை எங்கே செருகுவது என்பதும் முக்கியம். டிவியின் ஹெட்போன் துளையில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் நின்றுவிடும். ஆப்டிகல் துளை நல்லது, ஆனால் மெனுவில் டிஜிட்டல் ஒலியை PCM என்ற சுருக்காத வடிவத்துக்கு மாற்றிவைக்க வேண்டும். சில சேனல்களில் மட்டும் ஸ்பீக்கர் ஊமையாகிறது, மற்றவற்றில் பேசுகிறது என்றால் அந்தச் சேனல்கள் டால்பி ஒலியில் வருகின்றன, டிரான்ஸ்மிட்டருக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை என்று பொருள். PCM வைத்ததும் சரியாகிவிடும். செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகளும் வேலை செய்யும். அதில் டிவிக்குள் இருக்கும் யூடியூப் மட்டும் வராது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. இரவு சார்ஜ் போட வேண்டும், கோடையில் வியர்வையைத் துடைக்க வேண்டும். அப்பா தொடும் பொத்தான்கள் இரண்டே, ஆன் செய்வதும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும். காலையில் தானாகவே டிரான்ஸ்மிட்டரோடு இணைகிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். தினமும் யாராவது போனை எடுத்து இணைத்துவிட வேண்டியிருந்தால் அது சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும்.

ஒருவருக்கு மட்டும் இதை நான் சொல்லமாட்டேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, அது உட்காரும் இடமோ காறை எலும்புக்குப் பக்கத்தில். காந்தமுள்ள கருவிகளை பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறார்கள், இதில் அந்த இடைவெளி கிடைக்காது. அவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. அதுவரை அதே டிரான்ஸ்மிட்டரோடு, அதே குறைந்த தாமதத்தில் இணையும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றைச் சோபாவின் சாய்மேல் தலைக்குப் பக்கத்தில் வைக்கலாம். கழுத்தில் மாட்டுவதைவிடக் கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் 3 மீட்டரைவிட எவ்வளவோ அருகில்.