பயோ எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கேட்டரிங்காரர்கள் கவனம்

திருச்சியில் வீட்டை ஒட்டிய சமையலறையில் கேட்டரிங் நடத்தும் ஒரு பெண்மணிக்கு நடந்தது இது. இன்ஸ்டாகிராம் பயோ, மெனு கார்டின் பின்பக்கத்துக்கு ஒரு அறிமுகம், ஆர்டர் எடுக்க ஒரு கியூஆர் கோடு, எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் என்று பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். போனில் கேட்டது மூன்றே விஷயம்: கடைப் பெயர், ஊர், நம்பர். என்ன சமைக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாளில் வந்த வாசகம்:

"உணவே எங்கள் உயிர்! விருது பெற்ற செஃபின் கைமணம். 100% ஆர்கானிக், அஜினமோட்டோ இல்லாத பாரம்பரியச் சுவை. சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது. 10 முதல் 5,000 பேர் வரை. எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகாரம் பெற்றது."

கீழே, எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் பதினான்கு இலக்க எண் ஒன்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. 500 மெனு கார்டும் அச்சாகி வந்துவிட்டது. இதில் ஒரு வரிகூட அந்தச் சமையலறையைப் பற்றியது இல்லை என்பது, ஒரு கம்பெனியின் மதியச் சாப்பாட்டு ஆர்டர் கைநழுவிய பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆர்டர் போனது எண்ணால். கம்பெனியில் கேன்டீன் பார்ப்பவர் பயோவில் இருந்த எண்ணை foscos.fssai.gov.in தளத்தில் போட்டுத் தேடியிருக்கிறார். வேறு யாருடைய பெயரோ வந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் முந்தைய வாடிக்கையாளருக்குப் போட்ட வாசகத்தில் கடைப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, எண்ணை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

தேடிப் பார்க்கும் முன்பே கண்ணால் கண்டுபிடித்திருக்கலாம். அந்தப் பதினான்கில் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. சின்ன அளவில் நடத்துபவர்களுக்குப் பதிவுதான் கிடைக்கும். இவருடையதும் 2-இல் தொடங்குவது. பயோவில் இருந்ததோ 1. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. பயோவில் இருந்த எண்ணில் அதுவும் பொருந்தவில்லை. ஆகவே தமிழ்நாட்டில் பதிவு மட்டும் வைத்திருக்கும் ஒருவரின் எண் 224 என்று தொடங்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட ஒரு நிமிடம் ஆகுமா?

"அங்கீகாரம் பெற்றது" என்ற சொல்லும் தவறு. பதிவு என்பது நீங்கள் உணவுத் தொழில் செய்வதை அரசிடம் தெரிவித்ததற்கான ஆதாரம். உங்கள் பிரியாணியைச் சாப்பிட்டுப் பார்த்து யாரும் நற்சான்று தரவில்லை. "பதிவு எண்" என்று மட்டும் போட்டு எண்ணை எழுதினால் போதும்.

பயோதானே, விளம்பரமா என்று பலர் கேட்கிறார்கள். சட்டப்படி விளம்பரம்தான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரம் என்பதன் விளக்கம் அச்சு, இணையம், லேபிள், பில் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. (புகையால் காட்டும் விளம்பரம்வரை அதில் வருகிறது.) ஆகவே மெனு கார்டும் வரும், இன்ஸ்டா பயோவும் வரும். பொய்யான, தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவரும் பொறுப்பாளிதான் என்று வாதாடலாம். ஆனால் கார்டில் இருப்பது உங்கள் பெயர்.

அந்த நோக்கில் வாசகத்தைத் திரும்பப் படித்தால் மூன்று இடம் உறுத்தும். முதலாவது, "சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது". இதில் திருத்த ஒன்றும் இல்லை, எடுத்துவிட வேண்டியதுதான். சாதாரணக் கேட்டரிங் உணவை ஒரு நோயோடு முடிச்சுப் போட்டு விற்கக் கூடாது. டாக்டர் பரிந்துரைத்தது என்று போடுவதற்கும் 2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிகளில் இடம் இல்லை. சிறுதானியம் சமைக்கிறீர்கள் என்றால் "சாமை, வரகு சாதம் கிடைக்கும்" என்று எழுதுங்கள். சாப்பிடலாமா வேண்டாமா என்பதைச் சாப்பிடுகிறவர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது "100% ஆர்கானிக்". இந்தப் பெண்மணி அரிசியை மட்டும் இயற்கை அங்காடியில் வாங்குகிறார். எண்ணெய், மட்டன், மசாலா எல்லாம் வழக்கமான மளிகையும் சந்தையும்தான். ஆர்கானிக் என்று சொல்ல சான்றிதழ் இருக்க வேண்டும்; இந்தியாவில் அது என்பிஓபி அல்லது பிஜிஎஸ் இந்தியா முறையில் வருவது. கடைக்காரர் வாயால் சொன்னது கணக்கில் வராது. அரிசி மூட்டையில் சான்று முத்திரை இருந்தால் அரிசியைப் பற்றி மட்டும் எழுதலாம், சாப்பாடு முழுவதையும் பற்றி எழுத முடியாது.

மூன்றாவது அஜினமோட்டோ. இதில்தான் நல்லவர்களும் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைப் பொடியை அவர் கையால் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் ஃபிரைட் ரைஸுக்கும் சூப்புக்கும் கடையில் விற்கும் ஸ்டாக் கியூப் போடுகிறார். அதன் லேபிளில் சின்ன எழுத்தில் சுவை கூட்டும் பொருள் 621 என்று இருந்தது. 621 என்றால் அதே அஜினமோட்டோதான். சோயா சாஸ், ரெடிமேட் மசாலா, சூப் பவுடர் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த அயிட்டத்தில் நிச்சயமாக இல்லையோ அந்த அயிட்டத்துக்கு மட்டும் போடுங்கள். இவர் பிரியாணிக்கு வீட்டில் அரைத்த மசாலாதான். பிரியாணிக்குப் போடலாம், ஃபிரைட் ரைஸுக்குக் கூடாது.

"விருது பெற்ற" என்பதற்கு எந்த விருது என்று கேட்டோம். பதில் இல்லை.

அடுத்தது 5,000 பேர். இந்த வரியை நம்பி ஒரு கல்யாண வீட்டார் 600 பேருக்குக் கேட்டு வந்தார்கள். அவரிடம் இருப்பது பத்துக் கிலோ அரிசி பிடிக்கும் தேக்சா இரண்டு. மட்டன் பிரியாணிக்குக் கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று கணக்கு வைத்தால், இரண்டு தேக்சாவும் ஒரே நேரத்தில் தம்மில் இருக்கும்போது 200 பேர். அதுதான் உச்சம். இரண்டாவது ஈடு போடலாமே என்று தோன்றும். ஆனால் முதல் ஈடு இறக்கி, தேக்சா கழுவி, மறுபடி தாளித்து, தம் போட்டு உடைப்பதற்குள் முதல் பந்தி எழுந்து போய்விடும். பயோவில் போடும் எண்ணிக்கையைப் பாத்திரக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். கீழ் எல்லையும் அப்படியே. பத்துப் பேருக்குப் பத்துக் கிலோ தேக்சாவில் ஒரு கிலோ அரிசி போட்டால் அடி பிடிக்கும், தம் நிற்காது. இவருக்கு 30 பேருக்குக் கீழே எடுத்தால் கட்டுப்படியும் ஆகவில்லை. ஆக, 30 முதல் 200.

இனி நீளம். இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150 எழுத்துகள்தான் இடம். தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கு ஏமாற்றும். "பிரியாணி" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து; கணினி அதை எட்டாக எண்ணும், ஏனென்றால் ப தனி, அதன் மேல் வரும் இகரக் குறி தனி. புள்ளியும் ஒரு எழுத்துதான். மேலே உள்ள வாசகம் 150-ஐ எளிதாகத் தாண்டிவிட்டது. உள்ளே போகவில்லை என்றதும் பயோவில் சிலதை வெட்டியிருக்கிறார்கள்; அதில் ஆர்டர் எப்படிக் கொடுப்பது என்ற கடைசி வரியும் போய்விட்டது. "உணவே எங்கள் உயிர்" பத்திரமாக இருந்தது.

திருத்திய பயோ இப்போது இப்படி இருக்கிறது:

சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, 30–200 பேர்
திருச்சி நகருக்குள் டெலிவரி
3 நாள் முன்பு சொல்ல வேண்டும்
பதிவு எண் 224XXXXXXXXXXX

வரி மாற்றங்களையும் சேர்த்து 123. வாட்ஸ்அப் இணைப்புக்குப் பயோவுக்குக் கீழே தனி இடம் இருப்பதால் நம்பரை இதற்குள் திணிக்கத் தேவையில்லை. என்ன கிடைக்கும், எத்தனை பேருக்கு, எங்கே, எத்தனை நாள் முன்பு: கேட்டரிங் தேடுகிறவர் முதலில் கேட்பது இந்த நான்கும்தான்.

மெனு கார்டின் பின்பக்கத்தில் இடம் தாராளம். அங்கே போக வேண்டியது வேறு:

"2019 முதல் திருச்சியில் சமைக்கிறோம். ஒரு நாளில் ஒரு ஆர்டர்தான், அதிகபட்சம் 200 பேர். பிரியாணி மசாலா வீட்டிலேயே அரைப்பது. சைவ ஆர்டருக்குத் தனிப் பாத்திரங்கள் உண்டு, சமையலறை ஒன்றுதான். முந்திரி, பால், கடலை எண்ணெய் பயன்படுத்துகிறோம். ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்."

"ஆறு வருட அனுபவம்" என்று போட்டால் அடுத்த வருடமே பழசாகிவிடும். தொடங்கிய வருடத்தைப் போட்டால் கார்டு பழசாவதில்லை. சமையலறை ஒன்றுதான் என்ற வரியைப் போடச் சிலர் தயங்குவார்கள். சுத்த சைவக்காரர்கள் அதைப் பார்த்து விலகிப் போகலாம், உண்மைதான். ஆனால் பந்தி நடக்கும்போது தெரிந்து இலையை விட்டு எழுவதைவிட அது மேல்.

கடைசியாகக் கியூஆர் கோடு. மூன்றாம் மாதம் அது வேலை செய்யவில்லை. ஸ்கேன் செய்தால் "சந்தா முடிந்தது" என்று வந்தது. கியூஆரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முகவரி அந்தக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கும். அச்சடித்த பிறகு யாராலும் அதை நிறுத்த முடியாது. இன்னொன்றில் இடையில் உள்ள ஒரு நிறுவனத்தின் முகவரிதான் இருக்கும். ஸ்கேன் செய்பவரை அது உங்கள் பக்கத்துக்குத் திருப்பி விடும். அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டணம் நின்றால் கோடும் நின்றுவிடும். எழுதிக் கொடுத்தவர்கள் தங்கள் கணக்கில் இலவசச் சோதனைக் காலத்தில் எடுத்துக் கொடுத்ததால் இவரால் புதுப்பிக்கவும் முடியவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் போனில் ஸ்கேன் செய்து, திறக்கும் முன் திரையில் தெரியும் முகவரியைப் படியுங்கள். கீழே உள்ளதுபோல நேராக உங்கள் நம்பர் தெரிந்தால் சரி. பழக்கமில்லாத குட்டி முகவரி ஏதாவது தெரிந்தால் அச்சை நிறுத்துங்கள்.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

ஏற்கெனவே இப்படி ஒரு பயோ வைத்திருப்பவர்கள் முதலில் எண்ணைச் சரிபாருங்கள், அடுத்து நோய் பற்றிய வரியை எடுங்கள். இரண்டையும் போனிலேயே இன்றைக்குச் செய்துவிடலாம். அச்சான கார்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இவர் புதிய அறிமுகத்தையும் புதிய கியூஆரையும் ஒரே ஸ்டிக்கராக அடித்து, பின்பக்கம் முழுவதும் மறையும்படி ஒட்டிவிட்டார். சின்ன ஸ்டிக்கராக ஒட்டினால் ஓரத்தில் "100% ஆர்கானிக்" எட்டிப் பார்க்கும், அளவெடுத்து அடியுங்கள்.