லேசர் மெஷின்தான், ஆனால் பிளேட்லெட் எண்ணுவது ஓட்டையில்

குமுளியில் எங்கள் லேப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வருகிறவர்கள். ரத்த அணுக்களை எண்ண முதலில் வைத்திருந்தது, வெள்ளணுவை மூன்று வகையாகப் பிரிக்கும் த்ரீ-பார்ட் மெஷின். இப்போது ஓடுவது ஐந்து வகையாகப் பிரிக்கும், லேசர் உள்ள ஃபைவ்-பார்ட். சில வருஷம் உழைத்த பிறகு இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்கும்போது விற்பனைக்காரர் அதை அழுத்திச் சொல்லவில்லை.

லேசர் வெள்ளணுக்களுக்கு மட்டும்தான். சிவப்பணுவும் பிளேட்லெட்டும் பழைய மெஷினில் எண்ணப்பட்ட அதே முறையில்தான் இதிலும் எண்ணப்படுகின்றன. வாலஸ் கூல்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறை அது. ரத்தத்தை உப்புக் கரைசலில் பல்லாயிரம் மடங்கு நீர்க்கவைத்து, தலைமுடி அளவுள்ள ஓட்டை ஒன்றின் வழியே இழுக்கிறார்கள். ஓட்டையின் இரண்டு பக்கமும் எலெக்ட்ரோடு. கரைசலில் மின்சாரம் நன்றாக ஓடும், அணுவுக்குள் ஓடாது. அதனால் ஒவ்வொரு அணு நுழையும்போதும் மின்தடை ஒரு கணம் ஏறி இறங்குகிறது. எத்தனை துடிப்பு என்பது எண்ணிக்கை, துடிப்பின் உயரம் அணுவின் கனஅளவு. எம்.சி.வி. என்று நாம் சொல்லும் சிவப்பணுவின் சராசரி கனஅளவு வருவது இங்கிருந்துதான்.

வெள்ளணுவுக்கு வேறு வழி. சிவப்பணுக்களை லைஸ் போட்டு உடைத்துவிட்டு, மிச்சத்தை ஒற்றை வரிசையில் லேசர் முன் ஓடவிடுகிறது. நேர்கோட்டுக்கு அருகில் சிதறும் ஒளி அணுவின் பருமனைச் சொல்லும். பக்கவாட்டில் சிதறுவது உள்ளே எவ்வளவு துகள் இருக்கிறது என்பதைச் சொல்லும். ஈஸினோஃபில் என்ற வெள்ளணு வகை தனியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பழைய மெஷினில் அது நடுப்பகுதிக் கணக்கில் கலந்துபோகும். இந்த விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி.

வம்பு பிளேட்லெட்டில். ஓட்டையில் பருமன் மட்டும்தான் தெரியும், அணு என்ன ஜாதி என்று தெரியாது. பிளேட்லெட் சராசரியாக 10 ஃபெம்டோலிட்டர், சிவப்பணு 90 என்பதால், 30-க்குக் கீழே வந்ததையெல்லாம் பிளேட்லெட் என்று மெஷின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நல்ல ரத்தத்தில் இதனால் பிரச்சினை இல்லை. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் சிவப்பணுவே சிறுத்து, அதில் ஒரு பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்த தோட்டத் தொழிலாளி அக்கா ஒருவருடைய ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 6.8, எம்.சி.வி. 57, சிவப்பணுக்கள் பருமனில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 24, சிவப்பணு 42 லட்சம், பிளேட்லெட் 1.64 லட்சம். டெங்கு என்.எஸ்.1 பாசிட்டிவ். டாக்டர் போனில், "ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கே, வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தது எண்ணை அல்ல, எந்தப் பருமனில் எத்தனை அணு என்று வளைவாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை. பிளேட்லெட் வளைவு 20-ஐத் தாண்டும்போது அடிக்கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். இதில் தொடாமல், வலது ஓரத்தில் மறுபடி மேலே ஏறியது. "அனுப்பாதீங்க டாக்டர், ஸ்லைடு பாத்துட்டுச் சொல்றேன்."

ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து ஸ்மியர் போட்டு, மைக்ராஸ்கோப்பின் ஆயில் லென்ஸில் 1000 சிவப்பணு எண்ணும்போது கூடவே கண்ணில் பட்ட பிளேட்லெட்டுகளையும் எண்ணினேன். 18 வந்தது. 42 லட்சத்தில் ஆயிரத்துக்கு 18 என்றால் சுமார் 75,000. மிச்சம் 89,000 எங்கிருந்து வந்தது? 42 லட்சம் சிவப்பணுவில் 2 சதவீதம் மட்டும் கோட்டுக்குக் கீழே விழுந்தாலே 84,000 ஆகிவிடும். 57 சராசரியும் 24 ஆர்.டி.டபிள்யூ.வும் உள்ள ரத்தத்தில் அது சாதாரணம். டாக்டர் அவரை அட்மிட் செய்தார்.

ஸ்லைடில் ஓரத்தையும் பார்ப்பேன். ஊதா மூடி டியூபில் பிளேட்லெட் கட்டிகட்டியாகச் சேர்ந்திருந்தால் ஓட்டை அதைப் பிளேட்லெட்டாக எண்ணாது, எண் பொய்யாகக் குறையும். அப்போது சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை கரண்ட். மழையில் லைன் ஆடும்போது எர்த்திங் சரியில்லை என்றால் மின்சார இரைச்சலும் சின்னத் துடிப்பாகப் பதிவாகும். முதலில் கெடுவது பிளேட்லெட்தான். காலையில் வெறும் கரைசலை ஓட்டும் பேக்கிரவுண்டில் பிளேட்லெட் 10,000-க்கு மேல் வந்தால் அன்று சாம்பிள் ஏற்ற மாட்டேன். ஓட்டை அடைத்துக்கொள்வது அடிக்கடி வரும், கிளீனர் விட்டால் சரியாகிவிடும்.

சில விலை கூடிய மெஷின்கள் பிளேட்லெட்டையும் ஒளியில் எண்ணும். சிறுத்த சிவப்பணுவானாலும் உள்ளே ஹீமோகுளோபின் இருப்பதால் அது ஒளியை வேறு மாதிரி சிதறடிக்கும், பிளேட்லெட்டோடு குழம்பாது. மெஷின் பார்க்கப் போகிறவர்கள் "லேசர் இருக்கா?" என்று கேட்பதோடு நிற்காமல், "பிளேட்லெட்டை எதில் எண்ணுது?" என்று கேளுங்கள். ஓட்டையில்தான் என்று பதில் வந்தாலும் வாங்கலாம், எங்களுடையதும் அதுதான். எம்.சி.வி. 65-க்குக் கீழே வந்த ஒவ்வொரு காய்ச்சல் கேஸுக்கும் ஸ்லைடு போட ஓர் ஆளும் நல்ல மைக்ராஸ்கோப்பும் இருக்க வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.