.sg, .com.sg, .co, .io: முகவரியின் வால் எதைச் சொல்கிறது?

சிங்கப்பூரின் தேக்காவில் கேட்டரிங் நடத்தும் ஒருவர் கடைக்கு இணைய முகவரி வாங்கப் போனால், .sg, .com.sg, .co, .io என்று பல வால்கள் பக்கத்தில் பக்கத்தில் விற்பனைக்கு இருக்கும். எல்லாமே நாட்டுக் குறியீட்டில் முடிபவைதான். ஆனால் அவை தரும் உறுதி ஒன்றல்ல.

.co கொலம்பியாவுக்கு ஒதுக்கப்பட்டது. .io பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துக்கு உரியது. இரண்டையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த இடங்களில் ஒரு தபால் முகவரி கூடத் தேவையில்லை. .co 2010-ல் உலகுக்கே திறந்துவிடப்பட்டது. கம்பெனி என்பதன் சுருக்கம் போலத் தெரிவதால் நன்றாக விற்கிறது. ஆக, இந்த வால்களை வைத்துக் கடை எங்கே இருக்கிறது என்று சொல்லவே முடியாது. இருந்தாலும் அந்தந்த நாட்டு விதி உங்களைக் கட்டும். லிபியாவின் .ly-யில் இயங்கிய `vb.ly` என்ற சுருக்க இணைப்புத் தளத்தை, லிபியச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி 2010-ல் அந்நாட்டுப் பதிவகம் முடக்கியது. நடத்தியவர்கள் லிபியாவில் இல்லை.

.sg-யில் கட்டுப்பாடு அதிகம். வெளிநாட்டவரும் வாங்கலாம், ஆனால் சிங்கப்பூர் முகவரியுள்ள ஒருவரை நிர்வாகத் தொடர்பாளராகக் காட்ட வேண்டும். அவர் அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் மூலம் தன்னை உறுதிசெய்ய வேண்டும். 21 நாளுக்குள் செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தொடர்பாளர் கட்டணத்துக்கு முகவரி தரும் ஏஜென்டாகவும் இருக்கலாம். அப்போது சரக்கு ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில், பணம் வாங்குபவர் மூன்றாவது நாட்டில் என்று இருந்தாலும் வால் .sg-தான். இங்கே கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

.com.sg வணிக நிறுவனங்களுக்கானது. உள்ளூரில் பதிவு செய்த கடைக்கு என் தேர்வு இதுதான். .co சுருக்கமாக இருக்கிறது, சரி; ஆனால் விருந்துக்கு முன்பணம் கட்டும் குடும்பத்துக்கு .com.sg-யில் கூடுதல் பிடிமானம் உண்டு.

வாங்கும் பக்கம் நின்றால் வாலோடு நிறுத்திவிடாதீர்கள். தளத்தில் UEN என்ற நிறுவனப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், அதை அரசின் நிறுவனப் பதிவுத் தளமான Bizfile-இல் தேடுங்கள். நிறுவனப் பெயர் பொருந்த வேண்டும், பதிவு நடப்பில் இருக்க வேண்டும். அப்புறம், இணைய முகவரிகளின் பதிவு விவரங்களைக் காட்டும் WHOIS-இல் முகவரி பதிவான தேதியைப் பாருங்கள். பத்து வருடக் கடை என்று சொல்லும் தளம் போன மாதம்தான் பதிவாகியிருந்தால், பணம் அனுப்பும் முன் விசாரிக்க வேண்டும்.

முகவரியை எப்போதும் `https://`-க்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியில், வலமிருந்து இடமாகப் படியுங்கள்:

```
https://gov.sg.example.co/refund
```

கண்ணில் முதலில் படுவது `gov.sg`. ஆனால் சாய்கோட்டுக்கு முன்னால் முடிவது .co, பெயரின் உரிமையாளர் `example.co`-வை வாங்கியவர். முன்னால் எதை ஒட்டுவது என்பது முழுக்க அவர் இஷ்டம். சிங்கப்பூர் அரசுத் தளமென்றால் `.gov.sg` அந்தச் சாய்கோட்டுக்கு நேர் முன்னால் வர வேண்டும்.